இரண்டே கேள்வி: குரலைக் கண்ணால் படி!

யார் சொன்னது, அந்தப் படம் உனக்குப் பிடிபடாது என்று?

மொழியியல் வகுப்பிலோ பேச்சுப் பயிற்சிப் படிப்பிலோ முதன்முதலாகத் திரையில் ஸ்பெக்ட்ரோகிராமைப் போடும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாம்பலும் கறுப்புமாக ஒரு நீளப் படம். அடியில் விநாடிக் கணக்கு, இடது ஓரத்தில் ஹெர்ட்ஸ் கணக்கு. ஓர் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு கோடும் கிடையாது. "இது ஃபிசிக்ஸ்காரன் சமாச்சாரம், நமக்கு ஆகாது" என்று பாதிப் பேர் அங்கேயே கையைக் கழுவிவிடுவார்கள். மீதிப் பேர் மென்பொருள் கொடுக்கும் எண்களை நோட்டில் இறக்கிக்கொண்டு, படத்தைப் பார்க்காமலே பாஸாகிவிடுவார்கள். முதலாமவர் தோற்றது ஊருக்கே தெரியும். இரண்டாமவர் தோற்றது அவருக்கே தெரியாது.

தம்பி, தங்கச்சி, நீ அந்த இரண்டு வரிசையிலும் போய் நிற்காதே! ஐந்து சொற்களை உன் வாயால் சொல்லிப் படமெடு. சத்தத்தை அணைத்துவிட்டு, எந்தப் படம் எந்தச் சொல் என்று கண்ணாலேயே பிரி. அதற்கு நீ கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. அவை என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒன்று. இது முடியாது என்று சொன்னவர்கள் சாமானியர்கள் இல்லை. ஸ்பெக்ட்ரோகிராம் எடுக்கும் கருவி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1947இல் அங்கிருந்தே 'விசிபிள் ஸ்பீச்' என்ற தடித்த புத்தகம் வந்தது. பேச்சை இனிக் கண்ணால் படித்துவிடலாம் என்று அப்போது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அது சீக்கிரமே தணிந்தது. 1968இல் ஆல்வின் லிபர்மனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, ஸ்பெக்ட்ரோகிராமைப் படிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்ற கேள்விதான். துறையின் ஜாம்பவான்களே அப்படிக் கேட்ட காலம் அது.

எம்.ஐ.டி.யில் இருந்த விக்டர் ஸூ அந்தக் கேள்வியோடு நின்றுவிடவில்லை. 1970களில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்தார், எழுதினார், சரிபார்த்தார், மறுபடி பார்த்தார். அப்படி அவர் செலவழித்தது இரண்டாயிரம் மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பத்தாண்டின் முடிவில் அவரைச் சோதித்தார்கள். முன்பின் பார்த்திராத வாக்கியங்களின் படங்களைக் கொடுத்தார்கள்; பொருளே இல்லாத சொற்கோவைகளையும் இடையில் கலந்தார்கள், ஊகித்துத் தப்பிக்கக் கூடாதே! ஒலியைக் கேட்டு எழுதிய வல்லுநர்களோடு ஒப்பிட்டால், படத்தை மட்டும் பார்த்து அவர் எழுதியது ஏறத்தாழ 85 விழுக்காடு ஒத்துப்போனது. படிக்கத் தேவையான செய்தி முழுக்கப் படத்திலேயே இருந்தது. பழகிய கண்தான் அதுவரை இல்லை.

ஸூ படித்தது முழு வாக்கியம். நான் உன்னிடம் கேட்பது ஐந்து உயிரெழுத்து. இதற்கும் பயமா?

முதலில் அந்தக் கறுப்புப் பட்டை என்ன என்று தெளிவாகிவிடுவோம். தெருக் குழாயில் குடம் நிறைவதைக் கேட்டிருப்பாய். தண்ணீர் விழும் வேகம் மாறுவதில்லை. ஆனால் குடம் நிறைய நிறைய ஓசை மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். திரும்பிப் பார்க்காமலே "போதும், மூடு" என்று சொல்லிவிடுவோம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றிடம் சுருங்குவதால் வரும் மாற்றம் அது. உன் வாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது. குரல்வளை மடல்கள் அதிர்ந்து ஒரு கரகரப்பை மேலே அனுப்புகின்றன. ஆண் குரலில் விநாடிக்கு 120 தடவை, பெண் குரலில் 200 தடவையை ஒட்டி, என்று பொதுவாக வைத்துக்கொள். அந்தக் கரகரப்பில் ஆவும் இல்லை, ஈயும் இல்லை. தொண்டையிலிருந்து உதடு வரை இருக்கும் காற்றிடம்தான், அதில் சில அதிர்வெண்களைத் தூக்கிவிட்டு மற்றதை அமுக்கிவிடுகிறது. தூக்கிவிடப்பட்ட இடங்களில் ஆற்றல் குவிகிறது. படத்தில் ஆற்றல் அதிகமுள்ள இடம் கறுப்பு, இல்லாத இடம் வெள்ளை. ஆகவே அந்த இடங்கள் கிடைமட்டமான கறுப்புப் பட்டைகளாக விழுகின்றன. அவற்றுக்குப் பெயர் ஃபார்மன்ட். கீழிருந்து எண்ணுவோம்: முதல் பட்டை, இரண்டாம் பட்டை, மூன்றாம் பட்டை. புத்தகங்களில் F1, F2, F3 என்று போட்டிருப்பார்கள்.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார், பயம் போய்விடும். வளர்ந்த ஆணின் குரல்வழி ஏறத்தாழ 17.5 செ.மீ. நாக்கு எங்கும் ஒடுக்காமல், முழுக்க ஒரே அகலமுள்ள குழாயாக அதை நினைத்துக்கொள். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாயின் முதல் ஒத்ததிர்வு, ஒலியின் வேகத்தைக் குழாயின் நீளத்தைப் போல் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். 35000 செ.மீ.யை 70ஆல் வகு: 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும்: 1500, 2500. அவ்வளவுதான்! பள்ளிக்கூட வகுத்தல். நாக்கும் உதடும் தாடையும் இந்த மூன்று பட்டைகளை இடம் பெயர்ப்பதுதான் உயிரெழுத்து. 500ஐயும் 1500ஐயும் நடுக்கோடாக மனதில் வை. பட்டை அதற்கு மேலே போயிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த இரண்டு கேள்விகள். முதல் பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அது வாய் திறப்பைச் சொல்லும். வாய் அகலத் திறந்து நாக்கு கீழே படிந்தால் முதல் பட்டை மேலே ஏறும். வாய் ஒடுங்கினால் அடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் பட்டை எங்கே இருக்கிறது? அது நாக்கின் முன்பின்னைச் சொல்லும். நாக்கு முன்னே மேலண்ணத்தை நோக்கிப் போனால் இரண்டாம் பட்டை உயரும். பின்னே ஒதுங்கி உதடும் குவிந்தால் விழும்.

இந்த இரண்டாம் கேள்வி உனக்குப் புதிது என்றா நினைக்கிறாய்? தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்து பார். உயிர்களை அங்கே தொல்காப்பியர் மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார். அ, ஆ இரண்டும் வாயைத் திறப்பதால் பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அதோடு நாவின் விளிம்பு மேல்பல்லின் பக்கம் சேர்வதால் பிறப்பவை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிவதால் பிறப்பவை. ஸ்பெக்ட்ரோகிராமில் இரண்டாம் பட்டையைப் பார்: முதல் கூட்டத்துக்கு அது நடுவில், இரண்டாம் கூட்டத்துக்கு மேலே, மூன்றாம் கூட்டத்துக்குக் கீழே. கருவி எதுவும் இல்லாமல் வாயை மட்டும் கவனித்து எழுதிய பிரிவினை, கருவியின் படத்தில் அப்படியே விழுகிறது. உனக்கும் அதே வாய்தான் இருக்கிறது!

சரி, வேலையில் இறங்கு. Praat என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. உலகம் முழுக்க ஒலியியல் மாணவர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். அதை இறக்கிக்கொள். மின்விசிறியை நிறுத்து. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வை. 'ப' சொல்லும்போது வரும் காற்று மோதக் கூடாது. இந்த ஐந்து சொற்களை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நன்றாக இடைவெளி விட்டுச் சொல்: பாடு, பீடு, பூடு, பேடு, போடு. ஐந்தும் தமிழ்ச் சொல். முன்னாலும் பின்னாலும் ஒரே எழுத்துகள், நடுவில் இருக்கும் உயிர் மட்டும் வேறு. பட்டைகள் மாறினால் அந்த ஓர் உயிர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம்.

ஒலியைத் திறந்ததும் Spectrogram settings போய் இரண்டை மட்டும் சரிபார். View range 0 முதல் 5000 ஹெர்ட்ஸ். Window length 0.005 விநாடி. இந்த இரண்டாவது எண்ணில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். 0.005 என்றால் மென்பொருள் மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கிப் பார்க்கிறது. அப்போது ஃபார்மன்ட் பட்டைகள் அகலமாகவும், குரல்வளை மடல் ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஒரு செங்குத்துக் கீற்றாகவும் தெரியும். யாரோ அதை 0.03 ஆக்கி வைத்திருந்தால், ஒல்லியான கிடைமட்டக் கோடுகள் சம இடைவெளியில் அடுக்காக வரும். அவை குரலின் இசைமடங்குகள், ஃபார்மன்ட் கிடையாது. அந்தக் கோடுகளைக் கீழிருந்து எண்ணி ஃபார்மன்ட் என்று எழுதினவன் எழுதியதெல்லாம் வீண்.

இப்போது 'பாடு' படத்தைப் பெரிதாக்கு. நடுத்தர ஆண் குரல் ஒன்றில் என்ன தெரியும் என்று சொல்கிறேன், உன் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வா. இடது ஓரத்தில் வெள்ளை. உதடு திறக்கும் கணத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. தமிழ்ப் 'ப'வுக்குப் பின் மூச்சொலி நீளாது என்பதால், உடனே கீற்றுகள் தொடங்கிவிடும். குரல் விநாடிக்கு 120 அதிர்வு என்றால் கீற்றுக்குக் கீற்று ஏறத்தாழ 8 மில்லிவிநாடி. நன்றாகப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றாக எண்ணலாம். தொடக்கத்தில் முதல் பட்டை அடியிலிருந்து சட்டென்று மேலே ஏறும், உதடு திறக்கிறது அல்லவா! ஏறி 700 ஹெர்ட்ஸை ஒட்டி நிலைக்கும். இரண்டாம் பட்டையும் சற்று ஏறி 1200 பக்கம் நிற்கும். இரண்டும் அருகருகே, படத்தின் கீழ்ப்பாதியின் நடுவில், தடித்த ஜோடியாகக் கிடக்கும். நடுக்கோட்டோடு ஒப்பிடு: 500இல் இருக்க வேண்டியது மேலே வந்துவிட்டது, 1500இல் இருக்க வேண்டியது கீழே இறங்கிவிட்டது. இது ஆ. வாயைப் பிளந்து சொன்ன ஆ!

வலப்பக்கம் போ. 'ட' நெருங்கும்போது மூன்றாம் பட்டை கீழே வளைந்து இறங்கும், நாக்கு நுனி மடிகிறது. பிறகு ஒரு குறுகிய வெளுப்பு, அடியில் மட்டும் லேசான கறுப்பு. அதற்கப்பால் கடைசி உகரம். அதைத் தொடாதே, பிறகு வருவோம்.

'பீடு'வுக்கு வா. கேள்வி ஒன்று: முதல் பட்டை எங்கே? அடியில், 300 பக்கத்தில், தரையோடு ஒட்டி. கேள்வி இரண்டு: இரண்டாம் பட்டை எங்கே? மேலே, 2200ஐ ஒட்டி, மூன்றாம் பட்டையை இடித்துக்கொண்டு. நடுவில் பெரிய வெள்ளைத் திடல். அந்த வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் ஈ என்று சொல். எண் தேவையில்லை, அளவுகோல் தேவையில்லை. 'பேடு'விலும் அதே தோற்றம்தான். ஆனால் முதல் பட்டை 450க்கு ஏறியிருக்கும், இரண்டாம் பட்டை 2000 அளவுக்கு இறங்கியிருக்கும். வெள்ளைத் திடல் இரண்டு பக்கமிருந்தும் சுருங்கியிருக்கும். 'பீடு', 'பேடு' இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூட வித்தியாசம் காட்டிவிடும்.

'பூடு', 'போடு' இரண்டும்தான் உன் துணிச்சலைச் சோதிக்கும். நேரடியாகச் சொல்கிறேன்: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதுவும் ஊவை ஈ என்று எழுதி! எப்படி? ஊவுக்கு முதல் பட்டை 300இல், இரண்டாம் பட்டை 800 பக்கத்தில். இரண்டும் தாழ்ந்து, ஒட்டி, ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். இரண்டாம் பட்டை சன்னமாக வேறு இருக்கும். அடியில் ஒரு பட்டையைப் பார்த்த கண், இரண்டாவதைத் தேடிக்கொண்டு மேலே போகும். 2300 பக்கத்தில் மங்கலாக ஒன்று அகப்படும். "ஆஹா, இதுதான் இரண்டாம் பட்டை" என்று எண்ணி ஈ என்று எழுதிவிடும். அகப்பட்டது மூன்றாம் பட்டை!

இந்தப் பொறியில் சிக்காமல் இருக்க, கறுப்பின் அழுத்தத்தைப் பார். ஈயில் மேலே இரண்டாம், மூன்றாம் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால் அந்தப் பகுதியே திண்ணென்று கறுத்திருக்கும். ஊவில் மேல்பகுதி முழுக்க வெளிறிக் கிடக்கும். ஆற்றலெல்லாம் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மேல் பாதி வெளிறி, அடி மட்டும் கறுத்திருந்தால், உதடு குவிந்த உயிர் என்று தயங்காமல் சொல். அப்புறம் ஊவா ஓவா? முதல் கேள்வியைத் திரும்பக் கேள். அடிப் பட்டையின் மேல்விளிம்பு தாழ்ந்திருந்தால் ஊ. 450க்கு அது ஏறி, இரண்டாம் பட்டையும் 900 வரை சற்று உயர்ந்திருந்தால் ஓ.

ஐந்தும் முடிந்தது. முதல் பட்டை தாழ்வு: பீடு, பூடு. நடுத்தரம்: பேடு, போடு. உயரம்: பாடு. இரண்டாம் பட்டை அந்த ஜோடிகளைப் பிரித்துவிடுகிறது. ஐந்து படங்களையும் பெயரில்லாமல் அச்செடுத்து, கூட இருப்பவர்களிடம் கொடுத்துக் கலைக்கச் சொல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் சொல்லை எழுது. தப்பு வந்தால் வரட்டும். எந்தக் கேள்வியில் தப்பு வந்தது என்று உன்னால் சொல்ல முடியும். அதுதான் முக்கியம்.

"நான் பார்ப்பது உண்மையான ஃபார்மன்ட்தானா?" என்ற சந்தேகம் வரும். வரட்டும், நல்ல சந்தேகம். அதற்கு உன் தொண்டையிலேயே சோதனை இருக்கிறது. ஆ என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே சுருதியை மட்டும் கீழிருந்து மேலே இழு. சுருதியோடு சேர்ந்து ஏறும் கோடுகள் இசைமடங்குகள். ஏறாமல் தன் இடத்திலேயே நிற்கும் பட்டை ஃபார்மன்ட். வாயின் வடிவம் மாறவில்லையே, அது எதற்கு அசைய வேண்டும்! இன்னொன்று செய்: ஆ, ஈ, ஊ மூன்றையும் கிசுகிசுப்பாகச் சொல்லிப் படமெடு. குரல்வளை அதிரவில்லை, கீற்று ஒன்றுகூட இல்லை, சுருதி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் புள்ளி புள்ளியான சாம்பல் பரப்பில் பட்டைகள் தெரியும். முதல் பட்டை வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவே. காதில் ரகசியம் சொன்னாலும் ஈயும் ஊவும் நமக்கு வேறு வேறாகக் கேட்பதன் காரணம் கண்முன் கிடக்கும். என்னைக் கேட்டால், முதல் வகுப்பிலேயே இந்தக் கிசுகிசுப்புப் படத்தைக் காட்டிவிட வேண்டும். சூத்திரமெல்லாம் பிறகு வரட்டும்.

படம் தொடக்கம் முதல் கடைசிவரை, பேசாத இடத்திலும்கூட, அடியில் ஒரு நேர்கோடு ஓடுகிறதா? அது மின்சார இரைச்சலோ மின்விசிறியோ, கணக்கில் சேர்க்காதே. பழைய தொலைபேசி அழைப்பின் பதிவை வைத்துப் பழகவும் பழகாதே. அதில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400க்கு மேலும் வெட்டப்பட்டிருக்கும். ஈ, ஊ இரண்டின் முதல் பட்டையும் அந்த வெட்டில் பாதி போய்விடும். நீ திறமையில்லாதவன் என்று நினைத்துக்கொள்வாய். குற்றம் பதிவின் மேல்.

பெண் குரலோ குழந்தைக் குரலோ எடுத்துக்கொண்டால் நான் சொன்ன எண்கள் பொருந்தாது. அதைப் பார்த்து மனம் உடைந்து போகாதே. 1952இல் பெல் ஆய்வுக்கூடத்தின் பீட்டர்சனும் பார்னியும் 76 பேரை ஆங்கிலச் சொற்களைச் சொல்ல வைத்து அளந்தார்கள்: ஆண்கள், பெண்கள், குழந்தைகள். நம் ஈயை ஒத்த உயிருக்கு இரண்டாம் பட்டையின் சராசரி ஆண்களிடம் 2290, பெண்களிடம் 2790, குழந்தைகளிடம் 3200. குரல்வழி குட்டையானால் பட்டைகள் எல்லாம் மேலே நகரும், குழாய்க் கணக்கிலேயே அது இருக்கிறது. ஒருவருடைய ஓர் உயிர் இன்னொருவருடைய வேறோர் உயிரோடு எண்ணளவில் மோதுவதும் அந்த அளவீட்டில் தெரிந்தது. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்பவன் அடுத்த ஆளின் குரலில் தோற்பான். அந்த ஆளின் ஆ எங்கே, ஈ எங்கே, ஊ எங்கே என்று மூன்று முனைகளை முதலில் பிடிப்பவன் மற்றதை அவற்றுக்கு நடுவில் வைத்துப் படித்துவிடுவான். சுருதி மிக உயர்ந்த குரலில் ஒரு வரம்பு மட்டும் உண்டு. குழந்தையின் சுருதி 300 என்றால் இசைமடங்குகள் 300, 600, 900 என்று தள்ளித் தள்ளி நிற்கும். 450இல் இருக்கும் ஃபார்மன்டைக் காட்ட அங்கே கோடே இருக்காது. அந்த இடத்தில் யார் கண்ணும் துல்லியம் பேச முடியாது. மென்பொருளும் பேச முடியாது.

மென்பொருள் என்றதும் நினைவு வருகிறது. Praatஇல் Show formants என்பதை அழுத்தினால் சிவப்புப் புள்ளிகள் பட்டைகளின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் நாளே அதை அழுத்தாதே! கண் சோம்பேறியாகிவிடும். அந்தப் புள்ளிகள் உனக்குக் கட்டளையிட வந்தவை அல்ல. நீ கொடுத்த அமைப்பை வைத்து மென்பொருள் செய்த ஊகம். Formant ceiling என்ற இடத்தில் ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500, சிறு குழந்தைக்கு 8000 வரை என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த எல்லைக்குள் ஐந்து ஃபார்மன்ட் இருப்பதாக எடுத்துக்கொண்டு அது தேடும். எல்லையைத் தப்பாகக் கொடுத்தால், ஊவின் ஒட்டிக்கிடக்கும் இரண்டு பட்டைகளையும் ஒன்றென்று எண்ணி 2300ஐ இரண்டாவதாக எழுதிவிடும். ஈயின் வெள்ளைத் திடலுக்கு நடுவே, கறுப்பே இல்லாத இடத்தில், இல்லாத ஒரு ஃபார்மன்டை நட்டு வைக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவன் அதை அப்படியே ஆய்வேட்டில் ஏற்றுவான். பட்டையைப் பார்க்கத் தெரிந்த நீ, "இங்கே கறுப்பே இல்லையே, இந்தப் புள்ளிக்கு இங்கென்ன வேலை?" என்று கேட்பாய். முதலில் பென்சிலால் பட்டையின் நடுவே நீ கோடு போடு. அதற்குப் பிறகு சிவப்புப் புள்ளியைக் கொண்டுவந்து ஒத்துப்பார்.

இனி அந்தக் கடைசி உகரம். ஐந்து சொற்களிலும் 'டு' இருக்கிறது. உகரம்தானே, இரண்டாம் பட்டை 800இல் இருக்கும் என்று நீ எதிர்பார்ப்பாய். போய்ப் பார்: 'பூடு'வின் ஊவில் அடியில் கிடந்த இரண்டாம் பட்டை, சொல்லின் கடைசியில் நடுப்பகுதிக்கு, 1500ஐ நோக்கி, ஏறியிருக்கும். படம் பிழையில்லை. கண்ணாடி முன் நின்று 'பூடு' சொல்லு. முதலில் குவிந்த உதடு கடைசியில் குவியவே இல்லை! இலக்கணப் புத்தகத்தில் குற்றியலுகரம் என்று மார்க்குக்காகப் படித்தது இதோ, அளக்கத்தக்க உயரத்தில், உன் குரலிலேயே கிடக்கிறது. நேரமும் குறைவு, உதட்டுக் குவிவும் இல்லை. நீ படத்தைப் படித்தாய். படம் உன் வாயைக் கவனிக்க வைத்தது.

வேகமான பேச்சில் பட்டைகள் இவ்வளவு சமர்த்தாக நிலைத்து நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு ஓர் உயிரின் இடத்தை அடைவதற்குள் அடுத்த எழுத்து இழுத்துக்கொண்டு போய்விடும். குறில் பல நேரம் தன் இலக்கைத் தொடாமலே திரும்பும்; பட்டைகள் நடுக்கோட்டின் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் நெடிலில் தொடங்கச் சொன்னேன். நெடில் கைவந்ததும் படு, பிடு, புடு என்று குறிலுக்கு வா. பொருளைப் பற்றிக் கவலைப்படாதே, பட்டையைப் பார். பிறகு ஒரே சொல்லுக்குள் பட்டை நகர்வதைப் பழகு. 'கை' என்று சொல்லிப் பார்த்தால், இரண்டாம் பட்டை நடுவிலிருந்து கிளம்பி மேலே போவதும் முதல் பட்டை கீழே இறங்குவதும் ஒருசேரத் தெரியும். அதைப் பார்த்து ஐகாரம் என்று சொல்லத் தெரிந்துவிட்டால், நகரும் பட்டையும் உனக்கு எழுத்துதான்.

இப்போது உன் கையில் ஒரு படம் கொடுக்கிறேன், சொற்களால். ஆண் குரல், இரண்டே எழுத்துள்ள சொல். தொடக்கத்தில் வெடிப்புக் கோடு எதுவும் இல்லை. நேராகக் கீற்றுகளோடு தொடங்குகிறது. முதல் பட்டை 700, இரண்டாம் பட்டை 1200, அருகருகே தடித்து நிற்கின்றன. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு எங்கும் அறுபடாமல், வெள்ளை விழாமல், முதல் பட்டை 300ஐ நோக்கி இறங்குகிறது. அதே நேரம் இரண்டாம் பட்டை 2200ஐ நோக்கி ஏறுகிறது. உச்சியைத் தொட்டதும் அங்கே தங்காமல் இரண்டும் வந்த வழியே திரும்பி, மறுபடி 700, 1200. அந்த இடத்திலேயே மங்கி முடிகிறது. நடுவில் நாக்கு எங்கே போய்வந்தது என்று இரண்டாம் பட்டை சொல்கிறது. வாய் எவ்வளவு ஒடுங்கியது என்று முதல் பட்டை சொல்கிறது. பென்சிலை எடு. அந்தச் சொல்லை எழுது!